ஒரு ஷேட் குறைச்சு எடுங்கோ எண்ட புத்திமதி

பவுண்டேசன் பாவிக்கிற ஆக்களுக்கு இந்தப் பிரச்சினை புதுசில்லை. பூசின நேரம் நிறம் சரியாகத்தான் இருக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் மூக்கும் நெற்றியும் தோடம்பழக் கலருக்கு வந்திருக்கும். கழுத்து ஒரு நிறம், முகம் இன்னொரு நிறம். கடையில் போய்ச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும்: "அது ஒட்சிடைஸ் ஆகுது தங்கச்சி. உங்கட முகம் எண்ணெய் முகம். அடுத்த முறை ஒரு ஷேட் குறைச்சு எடுங்கோ."

இந்த ஒரு பதிலுக்குள் மூன்று விசயம் இருக்கிறது. ஒன்று, காரணம். இரண்டாவது, பழி. மூன்றாவது, தீர்வு. நாங்கள் சொல்ல வருவது, காரணம் பெரும்பாலும் பிழை, அதனால் தீர்வும் பிழை என்பதுதான். பழியைப் பற்றிக் கடைசியில் கதைப்பம்.

முதலில் அந்த "ஒட்சிடைஸ்" என்ற சொல்லைப் பார்ப்பம். ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த அதே ஒட்சியேற்றம்தான். இரும்பு ஆணி ஈரத்தில் கிடந்து ஒட்சிசனோடு சேர்ந்து செம்மஞ்சள் துருவாகிறது. பவுண்டேசனுக்குள்ளும் இரும்பு ஒட்சைட்டு இருக்கிறது, அதுவும் காற்றுப்பட்டுத் துருப்பிடிக்கிறது என்று ஆட்கள் விளங்கப்படுத்துவார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. உள்ளே போய்ப் பார்த்தால் சரிவராது.

உங்கள் பவுண்டேசன் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். பொருட்களின் பட்டியலின் கடைசியில் சி.ஐ. என்று தொடங்கும் நாலு இலக்கங்கள் அநேகமாக இருக்கும். 77491 சிவப்பு இரும்பு ஒட்சைட்டு. 77492 மஞ்சள். 77499 கறுப்பு. 77891 என்பது வெள்ளை நிறத்துக்குப் போடுகிற தைத்தேனியம் ஈரொட்சைட்டு. எங்கட புல்மோட்டைக் கறுப்பு மணலில் இருக்கிற இல்மனைற், ரூட்டைல் போன்ற கனியங்களில் இருந்துதான் உலகம் முழுக்க இந்த வெள்ளைத் தூளைச் செய்கிறார்கள். உலகத்தில் உள்ள தோல் நிறங்களில் பெரும்பாலானவற்றை இந்த நாலு தூளையும் வேறு வேறு அளவில் கலந்துதான் போத்தலுக்குள் கொண்டு வருகிறார்கள்.

சிவப்பு இரும்பு ஒட்சைட்டும் மஞ்சள் இரும்பு ஒட்சைட்டும் என்னவென்றால், அவை துருவேதான். துருவில் இருக்கிற அதே வகைச் சேர்வைகளைச் சுத்தமாகச் செய்து எடுத்திருக்கிறார்கள். அவற்றில் இருக்கிற இரும்பு ஏற்கெனவே ஒட்சியேறி முடிந்த இரும்பு. துரு திரும்பவும் துருப்பிடிக்காது. கறுப்பு ஒட்சைட்டுக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் ஒட்சியேற இடம் இருக்கிறது. ஆனால் முகத்தின் சூட்டில், ஒரு மணித்தியாலத்தில், கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது மாறாது. தைத்தேனியம் ஈரொட்சைட்டும் அப்படியே இருக்கும். ஆக, நிறத்தைத் தருகிற நாலு தூளும் காலையில் எப்படி இருந்தனவோ மத்தியானமும் அப்படித்தான் இருக்கின்றன. மாறுவது அவற்றைச் சுற்றி இருக்கிற சாமான்.

அப்படியெண்டால் என்ன நடக்குது? இரண்டு விசயம் நடக்கிறது. ஒன்று முதல் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மற்றது அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நடக்கும்.

முதலாவது காய்கிறது. திரவ பவுண்டேசன் என்பது தண்ணீரும் எண்ணெயும் கலந்த ஒரு பால். பல போத்தல்களில் தண்ணீரோடு பறந்து போகிற சிலிக்கோன் திரவமும் இருக்கும். பால் ஏன் வெள்ளையாக இருக்கிறது? அதற்குள் மிதக்கிற சின்னச் சின்னத் துளிகள் வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிப்பதால்தான். சின்ன வயதில் ஒட்டு வேலைக்குப் பாவித்த பைண்டர் கம்மை நினைத்துப் பாருங்கள். பூசும்போது வெள்ளை, காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி. துளிகள் இல்லாமல் போனதும் வெள்ளையும் போய்விட்டது. பவுண்டேசனும் இப்படித்தான். ஈரமாக இருக்கும்போது அதில் கொஞ்சம் பால்வெள்ளை கலந்திருக்கும். தண்ணீரும் சிலிக்கோனும் பறந்ததும் அந்த வெள்ளை போய், நிறத்தூள்கள் நெருங்கி நின்று, உண்மையான நிறம் தெரியும். அது போத்தலில் பார்த்ததைவிடக் கடும் நிறம். இதை நிறம் மாறியது என்று சொல்லுறதைவிட, நாங்கள் கடையில் பார்த்தது முடிவான நிறமே இல்லை என்று சொல்வதுதான் சரி.

இரண்டாவது எண்ணெய். எங்கள் தோல் விடாமல் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் கசிய விடுகிறது. மூக்கு, நெற்றி, நாடி ஆகிய இடங்களில் கூட. அந்த எண்ணெய் காய்ந்த பவுண்டேசன் படைக்குள் ஊறும்போது என்ன நடக்கும் என்று அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கம் செம்மண் தோட்டங்களை மழைக்கு முதலும் மழைக்குப் பிறகும் பார்த்தால் போதும். காய்ந்து கிடக்கும்போது மங்கிய செம்மஞ்சள். ஒரு மழை பெய்ததும் கடும் சிவப்பு. அந்த மண்ணுக்கு நிறம் கொடுப்பதும் இரும்பு ஒட்சைட்டுத்தான், பவுண்டேசனில் இருக்கிற அதே குடும்பம். ஆனால் மழை பெய்து மண் சிவந்ததைப் பார்த்து மண் ஒட்சியேறிவிட்டது என்று ஒருவரும் சொல்வதில்லை. நனைஞ்சிட்டுது எண்டுதான் சொல்லுவம்.

நனைந்தால் ஏன் கடும் நிறமாகிறது? காய்ந்த தூளில் துணிக்கைகளுக்கு நடுவில் காற்று இருக்கும். காற்றுக்கும் துணிக்கைக்கும் இடையில் உள்ள ஒவ்வொரு எல்லையிலும் வெளிச்சம் தெறித்துத் திரும்பும். அதனால் வெளிறித் தெரியும். அந்த இடைவெளியில் எண்ணெய் புகுந்தால் தெறிப்பது குறைந்து, வெளிச்சம் உள்ளே போய்விடும். வடை சுற்றின பேப்பரில் எண்ணெய் ஊறின இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆவது இதனால்தான். பவுண்டேசனில் மினுக்கத்தைக் குறைக்கப் போடுகிற டல்க், சிலிக்கா, மா வகைகள் எல்லாம் எண்ணெய் பட்டதும் இப்படி மறைந்துவிடும் சாதி. அவை காய்ந்திருக்கும்வரை வெள்ளைப் பக்கத்துக்குக் கைகொடுத்தன. எண்ணெய் பட்டதும் கைவிட்டுவிட்டன. சிவப்பும் மஞ்சளும் மட்டும் எடுப்பாக நிற்கின்றன. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் என்ன நிறம் என்று சொல்லத் தேவையில்லை. "கறுத்துப் போச்சு" என்று சொல்லாமல் "தோடம்பழமாகிட்டுது" என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இவ்வளவும் விளங்கினால் ஒரு விசயம் தெளிவாகும். காய்வதால் வருகிற மாற்றத்தைப் பிரைமர் தடுக்காது. எண்ணெயால் வருகிற மாற்றத்தை வேறு ஷேட் தடுக்காது. எது எங்கள் பிரச்சினை என்று தெரியாமல் காசைக் கொட்டினால் இரண்டும் வீண். ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேணும். அதற்கு ஒரு வெள்ளைத் தட்டோ ஓடோ, ஒரு யன்னல், கொஞ்சம் டிசு, ஒரு மணித்தியாலம் காணும்.

நாங்கள் ஹொஸ்டலில் நாலு பேர் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். ஒரே போத்தல், ஒரே ஷேட். போத்தலை முதலில் நன்றாகக் குலுக்கினோம். நிறத்தூள் அடியில் படிந்திருந்தால் முதல் துளி ஒரு நிறமும் கடைசித் துளி இன்னொரு நிறமுமாக வரும் என்பதால் இது முக்கியம். முகம் கழுவித் துடைத்துப் பத்து நிமிடம் விட்டு, ஒவ்வொருவரும் அரிசி மணி அளவு எடுத்து நெற்றி நடுவிலும் தாடையிலும் ஒரு விரல் அகலத்துக்கு மெல்லிசாகப் பூசினோம். கரண்டிக் காம்பால்தான் எடுத்தோம், விரலைப் போத்தலில் வைக்கவில்லை. அதே அளவை ஒரு வெள்ளை பீங்கான் தட்டிலும் பூசினோம். தட்டில் தோல் இல்லை, எண்ணெய் இல்லை, வியர்வை இல்லை. தட்டில் நடப்பது முழுக்க போத்தலின் வேலை.

இருபது நிமிடத்தில் தட்டில் பூசினது கொஞ்சம் கடும் நிறமாகிவிட்டது. பக்கத்தில் புதிதாக ஒரு கோடு பூசிப் பார்த்தபோது வித்தியாசம் நல்லாத் தெரிந்தது. இந்தப் புதுக் கோடு கட்டாயம் வேணும். அது இல்லாவிட்டால் காலையில் நிறம் எப்படி இருந்தது என்பதை ஞாபகத்தை நம்பித்தான் சொல்ல வேண்டிவரும். நிற விசயத்தில் ஞாபகம் நல்லாப் பேய்க்காட்டும். போன் படத்தையும் முழுக்க நம்பேலாது, கமரா தன்பாட்டுக்கு நிறத்தைத் திருத்திவிடும்.

ஒரு மணித்தியாலம் முடிந்தபோது தட்டில் மேலதிகமாக ஒன்றும் நடக்கவில்லை. இருபதாவது நிமிடம் இருந்த நிறம்தான். எங்களில் இரண்டு பேரின் முகத்திலும் அதே கதை. தட்டில் எவ்வளவு மாறியதோ அவ்வளவுதான், அதற்கு மேல் இல்லை. மற்ற இரண்டு பேருக்கு மட்டும் நெற்றி நல்லாச் செம்மஞ்சளாகிவிட்டது. ஆனால் அவர்களுக்கும் தாடையில் அவ்வளவு இல்லை. ஒரே முகம், ஒரே போத்தல், இரண்டு நிறம்.

அடுத்தது டிசு. ஒரு டிசுவை நாலாக மடித்து நெற்றியில் வைத்து அமத்தினோம். தேய்க்கவில்லை, வெறுமனே அமத்திப் பத்து வரை எண்ணி எடுத்தோம். டிசுவில் எண்ணெய்ப் பொட்டுகள். நெற்றியில் நிறம் பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. உண்மையிலேயே ஒட்சியேற்றம் நடந்திருந்தால் டிசு அமத்தித் திரும்ப வருமா? ஆணியில் பிடித்த துரு டிசுவால் ஒற்றினால் இரும்பாகாது. செம்மண் காய்ந்தால் மட்டும் பழையபடி வரும்.

இந்த ஒரு பரிசோதனையே போதும். தட்டிலும் முகத்திலும் ஒரே அளவு மாறியிருந்தால் அது காய்கிற மாற்றம். அந்தப் போத்தலின் உண்மையான ஷேட் அதுதான். தட்டில் மாறாமல் அல்லது கொஞ்சமாக மாறி, முகத்தில் கூட மாறினால், அதிலும் டிசு வைத்ததும் கொஞ்சம் திரும்பினால், எண்ணெய். எங்கள் நாலு பேரில் இரண்டு பேருக்கு முதலாவது மட்டும். மற்ற இரண்டு பேருக்கு இரண்டும் சேர்ந்து.

முதல் வகைக்குத் தீர்வு போத்தலை மாற்றுவது, அல்லது காய்ந்த நிறத்தைப் பார்த்து வாங்குவது. பிரைமருக்கு இங்கே வேலையே இல்லை. ஒரே கொம்பனியிலேயே காய்ந்தபின் தன் நிறத்தில் நிற்கிற ஷேட் ஒன்று இருக்கலாம். அது பெரும்பாலும் மஞ்சள் கூடிய, சிவப்புக் குறைந்த ஷேட்டாக இருக்கும். வெளிர் ஷேட் என்று இல்லை. இந்த வித்தியாசம் முக்கியம், இதற்குத் திரும்ப வருவம்.

இரண்டாவது வகைக்கு நாங்கள் பிரைமரைப் பார்த்தோம். எண்ணெய் நெற்றிக்காரர் இரண்டு பேரும் முகத்தை நடுவால் பிரித்தார்கள். இடப்பக்கம் பிரைமர் இல்லை. வலப்பக்கம் ஒரு பயறு அளவு சிலிக்கோன் பிரைமர். அதன் பெட்டியில் முதல் இரண்டு மூன்று பெயருக்குள் டைமெதிக்கோனும் கொஞ்சம் தள்ளிச் சிலிக்காவும் இருந்தன. டைமெதிக்கோன் தோலுக்கு மேல் இறப்பர் மாதிரி ஒரு மெல்லிய படையாக நின்று எண்ணெயைத் தாமதப்படுத்தும். சிலிக்கா ஸ்பொஞ்ச் மாதிரி வருகிற எண்ணெயை உறிஞ்சும். ஐந்து நிமிடம் விட்டுவிட்டு மேலே பவுண்டேசன். ஒரு மணித்தியாலத்தில் வலப்பக்கம் நல்லா நின்றது, இடப்பக்கம் மாறிவிட்டது. மூன்று மணித்தியாலத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். ஸ்பொஞ்ச் நிரம்பினால் பிறகு அது நனைந்த ஸ்பொஞ்ச். பிரைமர் நேரத்தை வாங்கித் தருகிறது, பிரச்சினையை எடுத்துவிடவில்லை. இரண்டு மணித்தியால நிகழ்ச்சிக்கு அது காணும். காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு வரை லெக்சரில் இருக்கிற ஆளுக்கு அது மட்டும் காணாது.

மூன்றாவது முறை செய்தது எங்களுக்கே புதுசாக இருந்தது. அவர்களில் ஒருத்தி வழமையாகப் பவுண்டேசனுக்குக் கீழே தடிப்பான கிரீம் ஒன்றைப் பூசி, உடனேயே மேலே பவுண்டேசன் போடுகிற ஆள். அந்தக் கிரீமில் நிறைய எண்ணெய். தோல் எண்ணெய் விட முதலே நாங்களே கீழே எண்ணெய் ஊற்றி வைக்கிற மாதிரி. அதற்குப் பதிலாக ஜெல் மாதிரியான மொயிஸ்சரைசரை மெல்லிசாகப் பூசி, பத்து நிமிடம் விட்டு, மேலே மினுங்கிக்கொண்டு நின்றதை டிசுவால் ஒற்றி எடுத்துவிட்டுப் பவுண்டேசன் போட்டோம். பிரைமர் இல்லாமலேயே ஒரு மணித்தியாலத்தில் நெற்றி பெரிதாக மாறவில்லை. ஆகவே பிரைமர் வாங்க முதல் கீழே என்ன பூசுகிறோம் என்று பாருங்கள். சன்ஸ்கிரீனும் இதே கணக்குத்தான். எண்ணெய்த்தன்மை கூடின சன்ஸ்கிரீன் காய முதல் மேலே பூசினால் நிறம் ஓடும். அதற்காகச் சன்ஸ்கிரீனை விடவேண்டாம். நேரம் விட்டுப் பூசுங்கள், அல்லது எண்ணெய் குறைந்ததாக மாற்றுங்கள்.

பிரைமர் வாங்குவதென்றால் அது பவுண்டேசனோடு ஒத்துப்போகுதா என்று பார்க்க வேணும். பெட்டியில் முதல் ஐந்து பெயரை வாசியுங்கள். "கோன்" அல்லது "சைலோக்சேன்" என்று முடிகிற பெயர்கள் சிலிக்கோன் குடும்பம். பிரைமர் சிலிக்கோனாகவும், பவுண்டேசன் சிலிக்கோன் இல்லாத தண்ணீர்ச் சாமானாகவும் இருந்தால், மேலே பூசினது பிடிக்காமல் அழிறப்பர்த் தூள் மாதிரித் திரண்டு உருளலாம். இதைக் கையின் பின்புறத்தில் பூசித் தேய்த்துப் பார்த்தாலே ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பவுண்டேசனையே மாற்றுவதென்றால், எண்ணெய் முகத்துக்குத் தேட வேண்டியது காய்ந்ததும் படலமாக இறுகுகிற வகை. பெட்டியில் ஐசோடொடெக்கேன், ட்ரைமெதில்சைலோக்சிசிலிக்கேற் என்கிற பெயர்கள் இருந்தால் அந்த வகையாக இருக்கும். முதலாவது கெதியாகப் பறந்துபோகும் திரவம். இரண்டாவது அது போன பிறகு நிறத்தூளைப் பிடித்துவைக்கிற பிசின். இறுகின படலத்துக்குள் எண்ணெய் லேசில் ஊறாது. ஆனால் இதற்கும் விலை உண்டு. உலர்ந்த தோலில் இது வெடிப்பு வெடிப்பாகத் தெரியும், இரவில் எண்ணெய்க் கிளென்சர் இல்லாமல் கழுவவும் கஸ்டம். மறுபக்கம், எண்ணெய் முகத்தில் சீக்கிரம் நிறம் மாறுவது காம்பக்ட் தூள். வெறும் தூள்தானே, வடை பேப்பர் மாதிரி எண்ணெய் நேராக ஊறிவிடும். மாறின முகத்தை மறைக்க மேலே மேலே தூள் அப்புவதும் இதே பிழை. புதுத்தூளும் அதே எண்ணெயில் நனைந்து இன்னும் செம்மஞ்சளாகும். முதலில் டிசுவால் ஒற்றி, பிறகு தேவையெண்டால் மட்டும் தூள்.

உண்மையான ஒட்சியேற்றமே இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. ஆனால் வேறு இடத்தில். விற்றமின் சி சீரம் பாவிக்கிறவர்கள் போத்தலைப் பாருங்கள். அஸ்கோபிக் அமிலச் சீரம் புதிதாக இருக்கும்போது தண்ணீர் நிறம், அல்லது லேசான மஞ்சள். காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானால் கடும் மஞ்சளாகி, பிறகு செம்மஞ்சள், பழுப்பு. இது ஒட்சியேற்றமேதான். அப்போது அது உடைந்து வருகிற பொருட்களில் ஒன்று எரித்துலோஸ். வெயிலில் நிற்காமலே தோலைப் பழுப்பாக்குகிற கிரீம்களில் போடுகிற அதே பொருள். பவுண்டேசன் இல்லாமல் சீரம் மட்டும் பூசின நாளும் முகம் மஞ்சளடித்தால், குற்றவாளி சீரம். அது பழுப்பாகியிருந்தால் எறிந்துவிடலாம். பவுண்டேசன் போத்தலும் நாள்பட்டால் உள்ளே இருக்கிற தாவர எண்ணெய்கள் காறிப்போகும். மணம் மாறியிருந்தால் அதுவும் முடிந்த கதை. ஆனால் இதெல்லாம் கிழமைக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் நடப்பவை. ஒரு மணித்தியாலத்தில் நெற்றியில் மட்டும் நடப்பவை அல்ல.

இனி அந்தப் புத்திமதிக்கு வருவம். ஒரு ஷேட் குறைச்சு எடுங்கோ.

இது ஏன் வேலை செய்யாது என்பதற்கு மேலே சொன்ன நெற்றியும் தாடையும்தான் சாட்சி. எண்ணெயால் வருகிற மாற்றம் முகம் முழுக்க ஒரே அளவில் வராது. ஒரு ஷேட் வெளிறலாக எடுத்தால், மாறுகிற நெற்றியும் மூக்கும் ஒரு மணித்தியாலத்தில் சரியான கடுமைக்கு வரலாம். மாறாத கன்னமும் தாடையும் நாள் முழுக்கச் சாம்பல் பூசின மாதிரி நிற்கும். அதோடு நெற்றி சரியான கடுமைக்கு வந்தாலும் சரியான நிறத்துக்கு வராது. எங்கள் பிரச்சினை வெளிச்சம் இருட்டு மட்டுமில்லை, செம்மை. வெளிறிய செம்மஞ்சளும் செம்மஞ்சள்தான். காய்கிற மாற்றம் மட்டும் இருப்பவர்களுக்கும், கண்ணை மூடிக்கொண்டு ஒன்று குறைப்பதைவிடக் காய்ந்த நிறத்தைப் பார்த்து எடுப்பதுதான் சரி. அது ஒரு ஷேட் குறைவாக இருக்கலாம், அதே ஷேட்டில் மஞ்சள் கூடினதாகவும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும்.

ஆனால் இந்தப் புத்திமதி இவ்வளவு லேசாக எங்கள் வாயில் வருவதற்கு வேறு காரணமும் இருக்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். அது எப்போதும் ஒரே பக்கம்தான் போகும். வெளிறிப்போன முகத்தோடு போனால் "ஒரு ஷேட் கூட்டி எடுங்கோ" என்று சொல்கிற கடைக்காரரைக் காண்பது அரிது. "அது உங்களை எடுப்பாக் காட்டுது" என்பார்கள். கலியாணவீட்டுப் படங்களில் சாம்பல் முகமும் மண்ணிறக் கழுத்துமாக மணப்பெண்ணை நிறுத்திவிட்டு, வடிவாக இருக்கு என்று சொல்லிப் பழகின ஊர் எங்கட ஊர். அந்த ஊரில் வெளிறல் ஷேட் விற்பதற்கு ஒரு விஞ்ஞானச் சொல் கிடைத்தால் விடுவார்களா? "ஒட்சிடைஸ்" அந்த வேலையைச் செய்கிறது. கறுப்பாக்க விருப்பமில்லை என்று நேராகச் சொல்லத் தேவையில்லை, இரசாயனம் சொல்லிவிடும்.

அதே சொல்தான் பழியையும் எங்கள் முகத்தில் போடுகிறது. உங்கட முகம் எண்ணெய் முகம். எண்ணெய் இல்லாத முகம் எங்கே இருக்கிறது? முப்பத்திரண்டு பாகை வெக்கையில், மின்விசிறி சுத்தாத விரிவுரை மண்டபத்தில், எண்ணெய் விடாத முகம் சிலையின் முகமாகத்தான் இருக்கும். தோல் தன் வேலையைச் செய்கிறது. எங்கட வெக்கைக்குத் தாங்காத சாமானை, எங்கட நிறத்துக்கு இரண்டே இரண்டு ஷேட்டோடு, குழல்விளக்குக்குக் கீழே வைத்து விற்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

அதனால் கடையில் கேளுங்கள். ரெஸ்டர் இருக்கா என்று கேளுங்கள். இருந்தால் தாடையில் இரண்டு ஷேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் பூசுங்கள், நெற்றியில் ஒரு பொட்டு வையுங்கள். காசைக் கொடுக்காமல் வெளியே வந்து, சிநேகிதிகளோடு ஒரு ஐஸ்கிறீம் குடித்து, ஒரு மணித்தியாலம் கழித்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். தாடையில் காய்ந்த நிறம் தெரியும். நெற்றியில் எண்ணெயின் கதை தெரியும். எந்த ஷேட் கழுத்தோடு கரைந்து காணாமல் போனதோ, அதுதான் உங்கட ஷேட். அது போத்தலில் பார்க்கக் கடும் நிறமாக இருந்தாலும் அதுதான். ரெஸ்டர் வைக்க மாட்டோம், ஒரு மணித்தியாலம் காத்திருக்க மாட்டோம், இப்பவே எடுங்கோ என்று சொல்கிற கடைக்கு நாலாயிரம் ரூபாவைக் கொடுக்க எங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை.